நடைக்குப் பாட்டா, பாட்டுக்கு நடையா?

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கத்தானே செய்யிறேன் சார், அப்புறமும் சுகர் ஏன் எறங்க மாட்டேங்குது?"

ஆண்டிபட்டியில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கும் எந்த மருத்துவரும் வாரத்துக்குப் பத்து தடவையாவது கேட்கும் கேள்வி இது நண்பர்களே. இந்தக் கேள்விக்கு நான் மாத்திரையை மாற்றும் முன் இன்னொரு கேள்வி கேட்பேன். "நிமிஷத்துக்கு எத்தனை காலடி வைக்கிறீங்க?"

பெரும்பாலும் பதில் வராது. எவ்வளவு நேரம், எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை ஸ்டெப் என்பதெல்லாம் போன் சொல்லிவிடுகிறது. ஆனால் எந்த வேகத்தில் கால் விழுகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைச் சரி செய்ய என்னிடம் இருக்கும் மலிவான கருவி சினிமாப் பாட்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு எண். பெரியவர்கள் நடக்கும்போது உடலின் உழைப்பை அளந்து செய்த ஆய்வுகளில், நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்பது "மிதமான உழைப்பு" தொடங்கும் இடம் என்று தெரிகிறது. சுமார் 130 காலடியில் அது "கடுமையான உழைப்பு" ஆகிவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, அந்த மிதமான உழைப்பின் வாசற்படி இந்த 100. உயரம், வயது, எடையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குள்ளமானவர்கள் இன்னும் கொஞ்சம் வேகமாகக் கால் போட வேண்டியிருக்கும். ஆனாலும் தொடங்குவதற்கு இது நல்ல எண்.

நிமிடத்துக்கு 100 காலடி என்றால் நிமிடத்துக்கு 100 தாளம் உள்ள பாட்டு. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கால். கணக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறதே, ஒரு ஆப்பில் தட்டினால் பட்டியல் வந்துவிடாதா?

வராது. வந்தாலும் நம் பாட்டுகளுக்கு அது பல நேரம் தப்பாக வரும். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சக்கம்பட்டிப் பக்கம் தறி வேலை பார்க்கும் அம்மா. வயது 56. மூன்று மாத சராசரி சர்க்கரை 8.6. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். சாயங்காலம் வைகை அணை ரோட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு நடக்கிறார். ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பது மனசுக்கு ரொம்ப நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரை எங்கள் கிளினிக் வாசலில் வழக்கமாக நடப்பது போல நடக்கச் சொல்லி, வலது கால் தரையில் படுவதை மட்டும் 30 விநாடி எண்ணினேன். 23 வந்தது. இடது காலும் சேர்த்தால் 46, ஒரு நிமிடத்துக்கு 92.

நீங்களும் இப்படியே எண்ணலாம். வலது கால், 30 விநாடி, வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். நடக்க ஆரம்பித்து ஐந்து நிமிடம் கழித்து எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்ற நினைப்பில் முதல் நிமிடத்தில் எல்லோருமே வேகமாக நடப்பார்கள். நானும்தான்.

92 என்பது மோசம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேகத்தில் அவர் ஒரு முழுப் பாட்டையும் மூச்சு வாங்காமல் பாடுவார். நாங்கள் மருத்துவர்கள் பயன்படுத்தும் பழைய சோதனை ஒன்று உண்டு: மிதமான உழைப்பில் இருப்பவரால் பேச முடியும், பாட முடியாது. பாட்டுக் கேட்டு நடப்பவர்களுக்கு இந்தச் சோதனை காதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே வரிக்கு வரி சுகமாகப் பாட முடிந்தால் நடை மெது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாவிட்டால் ரொம்ப வேகம். பிபிக்காக அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தச் சோதனைதான் சரி. அந்த மாத்திரைகள் இதயத் துடிப்பை அடக்கி வைப்பதால், கையில் கட்டிய வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து உழைப்பை முடிவு செய்ய முடியாது.

அம்மாவுக்கு நான் வைத்த முதல் இலக்கு 100 இல்லை, 98. இருக்கும் வேகத்திலிருந்து ஆறு, ஏழு சதவீதம் மட்டும் கூட்டுவது. இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாளம் கொடுத்து நடக்க வைக்கும் சிகிச்சையில் இருந்து எடுத்துக்கொண்டது. மைக்கேல் தாட் என்பவரின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் மூன்று வாரம் தினமும் தாளம் பதித்த இசையைக் கேட்டு வீட்டிலேயே நடந்தார்கள். நடை வேகமும் கூடியது, எட்டு வைக்கும் நீளமும் கூடியது. அவரவர் சொந்த வேகத்தில் ஆரம்பித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தை ஏற்றினார்கள். சொந்த நடைக்கு ரொம்பத் தள்ளி இருக்கும் தாளத்தைக் கொடுத்தால் கால் அதைப் பிடிக்காது. ஒன்று விட்டுவிடும், இல்லையென்றால் தடுமாறும். (உங்கள் வீட்டில் பார்க்கின்சன் உள்ள பெரியவர் இருந்தால் இந்தப் பதிவைப் படித்து நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள். விழுந்துவிடும் ஆபத்து உண்டு. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.)

சரி, 98 தாளம் உள்ள பாட்டு எது?

அம்மாவின் மகன் கெட்டிக்காரப் பையன். பாட்டின் வேகத்தைச் சொல்லும் ஒரு ஆப்பில் அம்மாவுக்குப் பிடித்த 80-களின் பாட்டுகளை எல்லாம் போட்டு எண்ணை எழுதிக்கொண்டு வந்தான். திரையில் BPM என்று ஒரு எண் தெரியுமே, நிமிடத்துக்கு இத்தனை தாளம் என்று, அதுதான். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த ஒரு கரகாட்ட மெட்டுப் பாட்டுக்கு 156 என்று போட்டிருந்தது. "இது ஓடுறவங்களுக்குத்தான் சார் ஆகும்" என்று அடித்துவிட்டான்.

அந்தப் பாட்டைப் போடச் சொல்லி, அம்மாவை அதற்கு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். 15 விநாடியில் 26 காலடி. நிமிடத்துக்கு 104. ஆப் 156 என்கிறது, அம்மாவின் கால் 104 என்கிறது. யார் சரி?

இரண்டுமே பாட்டில் இருக்கிறது. 104-ஐ ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், 156 வரும். விஷயம் இதுதான். இந்த ஆப்கள் பாட்டில் எங்கெல்லாம் சத்தம் சட்டென்று உயர்கிறது என்று பார்த்து, அந்த உச்சங்களுக்கு இடையில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுகின்றன. அரை விநாடிக்கு ஒன்று என்றால் 120. மேற்கத்திய நடனப் பாட்டில் டிரம் ஒழுங்காக நான்கு நான்காக விழும், கணக்கு பிசகாது. நம்ம ஊர் கும்மி, குத்து, கரகாட்ட மெட்டுகளில் பல திஸ்ர நடையில் போகும். ஒரு பெரிய தாளத்துக்குள் மூன்று சின்னத் தட்டு. தவிலும் உறுமியும் அந்தச் சின்னத் தட்டுகளையும் இட்டு நிரப்பும். மூன்று தட்டுக்கு ஒன்று என்று எண்ண வேண்டியதை ஆப் இரண்டு தட்டுக்கு ஒன்று என்று எண்ணிவிட்டால், 104 என்பது 156 ஆகிவிடும். நம் கால் அப்படி ஏமாறாது. கும்மி தட்டிப் பழகிய கைக்கும் காலுக்கும் பெரிய தாளம் எது என்று தெரியும்.

இதைவிடச் சாதாரணமான தப்பு இன்னொன்று உண்டு, பாதி அல்லது இரட்டை. 100 உள்ள பாட்டை 50 என்றோ 200 என்றோ காட்டும். இது ஆபத்தில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். 52 என்று காட்டினால் ஒரு தாளத்துக்கு இரண்டு காலடி வைத்தால் 104 ஆகிவிடும். ஒன்றரை மடங்குத் தப்புதான் நம்ப வைத்து ஏமாற்றும். 156-ஐப் பாதியாக்கினால் 78 வரும், "ரொம்ப மெதுவான பாட்டு போல" என்று நினைப்போம். அதுவும் தப்பு.

அதனால் என் யோசனை இது: ஆப் சொல்லும் எண்ணை விலாசம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைத் தட்டிப் பார்ப்பது உங்கள் கால்தான். பாட்டைப் போட்டு நின்ற இடத்தில் கால் வையுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு பாட்டுக்கு அரை நிமிட வேலை. சரணத்தில் ஒரு தடவை திரும்ப எண்ணுங்கள். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளில் தாளம் இரண்டு மூன்று முன்னே பின்னே போகும். நடைக்கு அது பெரிய குறையில்லை.

எந்த ஆப் நல்லது என்று கேட்பீர்கள். 2015-ல் ஸ்பாட்டிஃபை ஓடுபவர்களுக்காக ஒரு வசதி கொண்டுவந்தது. போனில் உள்ள சென்சார் நம் காலடியை எண்ணி, அதற்கேற்ற பாட்டைத் தானே போடும். கேட்க அருமையாக இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்படி வசதிகள் வரும், போகும். காலால் எண்ணி எழுதிய பட்டியல் எந்த போன் மாறினாலும் கூடவே வரும்.

அம்மாவின் பட்டியலுக்கு வருவோம். சினிமாப் பாட்டு ஒன்று சராசரியாக நாலரை நிமிடம். ஏழு பாட்டு இருந்தால் அரை மணி நேரம். முதல் பாட்டு 92-ஐ ஒட்டி, அவருடைய சொந்த வேகம். நடுவில் ஐந்து பாட்டு 97-லிருந்து 99-க்குள். கடைசிப் பாட்டு மறுபடி 90 வாக்கில், மூச்சு அடங்க. மகன் தேடி எண்ணி எடுத்ததை பஜாரில் செல்போன் கடையில் கொடுத்து மெமரி கார்டில் வரிசையாக ஏற்றிக்கொண்டார்கள். விளம்பரம் நடுவில் வராது, நெட் தேவையில்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டே நாளில் ஒரு சிக்கல். பாட்டின் ஆரம்பத்தில் வரும் தொகையறா! தாளமே இல்லாமல் முக்கால் நிமிடம் குரல் மட்டும் இழுக்கும். அந்த நேரத்தில் கால் பழைய நடைக்குத் திரும்பிவிடுகிறது, தாளம் வந்ததும் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. ரிங்டோன் வெட்டும் ஆப்பில் முன்பகுதியை வெட்டிவிட்டான் பையன். ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இசைக்கு நானே கத்திரி வைக்கச் சொன்னது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு முழுப் பாட்டு, நடைக்கு வெட்டிய பாட்டு என்று சமாதானம் செய்துகொண்டோம்.

சரியான தாளத்தில் போதுமான பாட்டு கிடைக்காவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் மாற்றலாம். 99 உள்ள பாட்டை 1.05 வேகத்தில் ஓடவிட்டால் 104. யூடியூபிலேயே இந்த வசதி இருக்கிறது. கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் Change Tempo என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் Change Speed and Pitch-ஐத் தொட்டால் சுருதியும் சேர்ந்து ஏறி, பாடகர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். எட்டு, பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் எந்த முறையிலும் பாட்டு பாட்டாக இருப்பதில்லை, என் காதுக்கு.

இப்போது முக்கியமான இடம். ஒரு வாரம் கழித்து வந்து "பாட்டுக்குச் சரியா கால் வைக்கிறேன் சார்" என்றார் அம்மா. எண்ணிப் பார்த்தேன், 98. அப்படியே பிடித்திருக்கிறார். ஆனால் வீட்டிலிருந்து ரோட்டோரப் பாலம் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தேன். முன்பு 14 நிமிடம். இப்போதும் கிட்டத்தட்ட 14 நிமிடம்தான்.

கணக்குப் போடுங்கள். காலடி 92-லிருந்து 98 ஆனால், அதே நீள எட்டுக்குச் சுமார் 13 நிமிடம் 10 விநாடி ஆகியிருக்க வேண்டும். குறையவில்லை என்றால் எட்டின் நீளம் சுருங்கிவிட்டது. தாளத்தைப் பிடிக்கும் அவசரத்தில் தக்கு தக்கு என்று சின்னச் சின்னதாகக் கால் வைத்திருக்கிறார். பாட்டு கால் விழும் வேகத்தைத்தான் மாற்றும், எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறோம் என்பதை அது பார்த்துக்கொள்ளாது. வேகம் என்பது இரண்டும் சேர்ந்தது. தாளத்தை எண்ணுபவர்கள் பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அதனால் ஒரு நிலையான தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து டீக்கடை, இந்தக் கரண்ட் கம்பத்திலிருந்து அந்தக் கோயில், எதுவானாலும் சரி. காலடி எண்ணும் கூடி, நேரமும் குறைந்தால் பட்டியல் வேலை செய்கிறது. எண் கூடியும் நேரம் குறையாவிட்டால் வேகமான பாட்டுக்குப் போகாதீர்கள். அதே பாட்டுகளிலேயே இருந்து, கையை நன்றாக வீசி, பின்கால் தரையைத் தள்ளும்படி நடங்கள். அம்மாவுக்கு அதைத்தான் சொன்னேன். அடுத்த இரண்டு வாரத்தில் பாலம் 13 நிமிடத்தில் வந்தது. அதன் பிறகுதான் 104-க்கு ஏற்றினோம். மகன் அடித்துவிட்ட அந்தக் கரகாட்டப் பாட்டு மூன்றாவது இடத்தில் வந்து உட்கார்ந்தது. இப்போது பன்னிரண்டரை நிமிடம்.

110-க்கு ஏற்றிப் பார்த்தோம். முழங்கால் வலித்தது. இறக்கிவிட்டோம். 104 அவருக்குப் போதும், அந்த வேகத்தில் அவரால் பேச முடிகிறது, பாட முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து சர்க்கரை சராசரி 7.8. இதைப் பாட்டின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். இடையில் ராத்திரிச் சாப்பாட்டையும் மாற்றினார், சாயங்கால நடையில் கொஞ்சத்தைச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினோம். பாட்டு செய்தது இதுதான்: ஒரு மணி நேர உலாத்தலை அரை மணி நேர உழைப்பாக்கியது. மிச்ச அரை மணி நேரம் பக்கத்து வீட்டு அக்காக்களோடு பழையபடி கதை பேசி நடக்கிறார். அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை.

இளவட்டங்களுக்கு இரண்டு வார்த்தை. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் தம்பிகள் "மாஸ்" பாட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால் 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் 112 விநாடி. அந்தக் கடைசிச் சுற்றில் பாட்டு உங்களுக்கு அதிகம் உதவாது. மிதமான உழைப்பில் பாட்டு களைப்பை மறக்க வைக்கும். மூச்சு முட்டும் உழைப்பில் நெஞ்சும் காலும் கத்துவதுதான் மூளைக்குக் கேட்கும், பாட்டு கேட்காது. 1998-ல் பர்மிங்காமில் ஹெய்லே கெப்ரெசெலாசி உள்ளரங்க 2000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது அரங்கில் "ஸ்கேட்மேன்" பாட்டு ஒலித்தது பிரபலமான கதை. அவர் அதன் தாளத்துக்குப் பழகியவர், அரங்கிலேயே பாட்டைப் போட்டார்கள். உங்கள் தேர்வு மைதானத்தில் யாரும் போட மாட்டார்கள். நிதான ஓட்ட நாட்களில் 160-லிருந்து 170 காலடிக்குப் பாட்டு வையுங்கள், அதாவது 80-லிருந்து 85 தாளப் பாட்டும் ஆகும். நேரம் பார்த்து ஓடும் நாளில் காதில் ஒன்றும் வேண்டாம்.

மேடு ஏறும்போதும் பட்டியலை நம்பாதீர்கள். கணவாய்ப் பக்கம் ஏற்றத்தில் நடப்பவர்கள் 104 பாட்டுக்கே கால் வைத்தால் உழைப்பு எங்கேயோ போய்விடும். ஏற்றத்தில் பாட்டை மறந்துவிட்டு மூச்சைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை வலி, தலைசுற்றல் என்றால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் நின்றுவிடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் வேகத்தைக் கூட்டும் முதல் வாரங்களில் சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருங்கள். வேகம் கூடினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

ரோடு விஷயம் கடைசி. மதுரை-தேனி ரோட்டில் பஸ்ஸும் லாரியும் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு காதிலும் இயர்போனை அடைத்துக்கொண்டு ரோட்டோரம் நடக்காதீர்கள். வண்டி எதிரே வரும் பக்கமாக, அதாவது ரோட்டின் வலது ஓரமாக நடங்கள். அம்மா போனை இடுப்பில் செருகி ஸ்பீக்கரில்தான் போடுகிறார். பாட்டு தனக்குக் கேட்கும், ஹாரனும் கேட்கும். அந்த இரண்டு அக்காக்களும் இப்போது அதே தாளத்துக்குத்தான் கால் வைக்கிறார்கள். அதில் ஒருவருக்கு சொந்த வேகம் 84 என்று போன வாரம் எண்ணினேன், அவருக்குத் தனிப் பட்டியல் போட வேண்டும்.